கத்திய டிரைவும் கத்தாத டிரைவும்

“ண்ணா, பெட்டி கத்துதுண்ணா. ஆனா படமெல்லாம் தொறக்குது.”

சித்தப்பா மகன் போனில் சொன்ன இந்த ரெண்டு வரியிலேயே விஷயம் பாதி தெரிந்துவிட்டது. அவனுக்கு ஓமலூரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ. எடுத்த படம் எல்லாம் வீட்டு மாடியில் இருக்கும் நாலு டிரைவ் நாஸ் பெட்டியில்தான். 2019-ல் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய நாலு 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகள். நாலும் சேர்ந்து ரெய்டு 5. மொத்தம் 16 டிபி, அதில் 12 டிபி கையில் கிடைக்கும், மிச்சம் காவலுக்கு. பாதிக்குப் பாதி நிரம்பியிருந்தது, ஏறக்குறைய 6 டிபி.

பெட்டி கத்துகிறது, ஆனால் ஃபைல் திறக்கிறது என்றால் ஒரு டிரைவ் போயிருக்கிறது, மற்ற மூன்றும் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். திரையில் Degraded என்று ஆரஞ்சு நிறத்தில் காட்டும். அவனிடம் சொன்னதெல்லாம் இதுதான்: பவரை அணைக்காதே, எந்த ட்ரேயையும் உருவாதே, திரை என்ன கேட்டாலும் சரி என்று அழுத்தாதே. பீப் சத்தத்தை மட்டும் நிறுத்திக்கொள். அதற்கு அமைப்புப் பக்கத்தில் தனியாக ஒரு பட்டன் உண்டு. “வைகாசி முகூர்த்தப் படமெல்லாம் இதுல தான்ண்ணா” என்றான். தெரியும், அதனால்தான் தொடாதே என்கிறேன் என்றேன்.

ரெய்டு 5 என்ன செய்கிறது என்பதை அவனுக்குச் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன். மூன்று கடையின் வசூலை மூன்று துண்டுச் சீட்டில் எழுதி, நாலாவது சீட்டில் மொத்தத்தை எழுதி வைக்கிறோம். ஒரு சீட்டு தொலைந்தால் மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். ரெண்டு சீட்டு தொலைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. டிரைவுக்குள் நடப்பது கூட்டல் இல்லை, எக்ஸ்ஆர் என்கிற பிட் கணக்கு. மொத்தச் சீட்டும் ஒரே டிரைவில் இருக்காமல் நாலிலும் மாறி மாறி எழுதப்படும். மற்றபடி சங்கதி ஒன்றுதான். 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வரிசைப்படுத்திய முறைகளில் ஐந்தாவது இது.

அப்படியென்றால் இப்போது அவன் பெட்டியில் சீட்டு மூன்றுதான் இருக்கிறது. அதில் எந்த ஒன்று கிழிந்தாலும் எல்லாம் போகும். கத்துகிற டிரைவ் ஏற்கெனவே செத்ததோ, சாகக் கிடப்பதோ. அதனால் இனி நஷ்டமில்லை. பயப்பட வேண்டியது சத்தம் போடாமல் இருக்கும் மற்ற மூன்றைப் பார்த்து.

போனதும் முதல் வேலை, எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்வது. கடையில் கிடைக்கும் சினாலஜி, க்யூநேப் போன்ற பெட்டிகளுக்குள்ளும், நாமே லினக்ஸ் போட்டுக் கட்டும் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸின் md தான். அதனால் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் ஒரு ஃபைலைப் படித்தால் போதும்.

```
$ cat /proc/mdstat
md2 : active raid5 sda3[0] sdd3[3] sdc3[2](F) sdb3[1]
      11706589632 blocks super 1.2 level 5 [4/3] [UU_U]
```

நாலில் மூன்று என்கிறது `[4/3]`. `U` என்றால் அந்த டிரைவ் எழுந்து வேலை செய்கிறது. அடிக்கோடு இருக்கிற இடம் காலி. மூன்றாவது இடத்தில் sdc, பக்கத்தில் `(F)`, அதாவது md அதைத் தள்ளி வைத்துவிட்டது. இதோடு திருப்திப்பட்டு sdc-யைத் தேடக் கிளம்பிவிடக் கூடாது. md ஒரு டிரைவைத் தள்ளியதற்கு டிரைவ்தான் காரணம் என்று இல்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம், ட்ரே சரியாக உட்காராமல் இருக்கலாம். அதை ஸ்மார்ட் கணக்கு சொல்லும்.

```
$ sudo smartctl -A /dev/sdc
```

வருகிற நீளப் பட்டியலில் நான் பார்ப்பது மூன்றே வரி. 5 என்ற எண்ணில் வருவது, கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு அனுப்பப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள். 199, டிரைவுக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த தகவல். 199 மட்டும் ஏறி, 5-ம் 197-ம் பூஜ்யமாக இருந்தால் டிரைவை வாங்க ஓடாதீர்கள். கேபிளையோ ட்ரேயையோ பாருங்கள். sdc-யில் 199 பூஜ்யம். 5-ல் 1,864, 197-ல் 344. இது டிரைவ்தான், சந்தேகமில்லை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை. அதே கட்டளையை நல்லது என்று காட்டிய மற்ற மூன்றுக்கும் கொடுத்தேன். sda சுத்தம். sdd சுத்தம். sdb-யில் 197-ல் 8.

எட்டு என்பதைப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். இந்தக் கால டிரைவ்கள் தட்டில் எழுதுவது 4,096 பைட் கட்டங்களாக. வெளியே 512 பைட் செக்டார் என்று கணக்குச் சொல்லும். அதனால் எட்டு என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டம். நாலு டெராபைட்டில் நாலு கிலோபைட் படிக்க வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் புது டிரைவைப் போட்டு ரீபில்ட் செய்யும்போது md மிச்சமுள்ள மூன்று டிரைவ்களையும் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை படிக்கும். ஃபைல் இருக்கிற இடம், காலி இடம் என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்துத்தான் sdc-யில் இருந்ததை மறுபடி எழுதும். அந்த நாலு கிலோபைட்டைத் தொடாமல் தப்பிக்க வழியே இல்லை.

இதிலிருந்துதான் வேலையின் வரிசை முடிவாகிறது. முதலில் காப்பி, அப்புறம்தான் டிரைவ் மாற்றுவது. பெட்டி விற்பவர்களின் கையேடு பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்லும்: உடனே டிரைவை மாற்று, ரிப்பேர் அழுத்து என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பி எடுக்கும்போது ஃபைல் இருக்கிற இடத்தை மட்டும் படிக்கிறோம். இவன் கேஸில் பாதி டிரைவ். ரீபில்ட் முழு டிரைவையும் படிக்கும். அதைவிட முக்கியம், காப்பி எடுக்கும்போது ஒரு இடம் படிக்க வராவிட்டால் பெரும்பாலும் போவது அந்த ஒரு ஃபைல். ரீபில்ட் நடுவே வராவிட்டால் முழு அரேயே சரியக்கூடும்.

8 டிபி வெளி டிரைவ் ஒன்று வாங்கி வந்து பெட்டியின் யுஎஸ்பியில் மாட்டினோம். காப்பியிலும் ஒரு வரிசை வைத்துக்கொண்டோம். இன்னும் ஆல்பம் கொடுக்காத கல்யாணங்கள் முதலில்; அவை போனால் மறுபடி எடுக்க முடியாது, மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்லவும் முடியாது. பிறகு வீட்டுப் படங்கள். கடைசியில், ஏற்கெனவே கொடுத்து முடித்த பழைய வேலைகள்.

```
$ rsync -a --progress /volume1/pending/ /mnt/usb/pending/
```

அது ஓடும் வரை பெட்டியில் யாரும் புதிதாக ஒன்றும் எழுதக் கூடாது என்று ஸ்டுடியோ ஆட்களுக்குச் சொல்லிவிட்டான். ஸ்மார்ட் நீள் சோதனை, அரே சரிபார்ப்பு மாதிரி டிரைவைப் படிக்கவைக்கிற வேலைகளையும் இந்த நேரத்தில் தொடக் கூடாது. நோயாளியை ஓடவிட்டுப் பரிசோதிக்கிற நேரம் இதில்லை. ஒரு டிரைவ் இல்லாத அரேயில் படிப்பதும் மெதுவாகத்தான் போகும், ஏனென்றால் sdc-யில் இருந்த ஒவ்வொரு துண்டையும் அது கணக்குப் போட்டுத்தான் தருகிறது. ஒரு இரவும் மறுநாள் நல்ல பகலும் பிடித்தது. ஒரு பிழையும் வரவில்லை. sdb-யின் கெட்ட இடம் ஃபைல் இல்லாத பகுதியில் இருக்கிறது என்று அப்போதே ஊகித்தேன். முடிந்ததும் `rsync -ani` கொடுத்து விடுபட்டது எதுவும் இல்லை என்று பார்த்து, பெரிய வீடியோக்கள் சிலவற்றை நடுநடுவே ஓட்டிப் பார்த்து, வெளி டிரைவைக் கழற்றி பீரோவில் வைத்தோம். பெட்டியோடு அது மாட்டியே இருந்தால் இடி விழுந்தால் ரெண்டும் சேர்ந்து போகும்.

இனி டிரைவ் வாங்குவது. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் “4 டிபி தானே, எதுவா இருந்தா என்ன” என்று ஒரு மலிவான டெஸ்க்டாப் டிரைவை நீட்டினார்கள். எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் என்று விட முடியாது. சில டிரைவ்கள் தட்டில் தடங்களை ஓட்டு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏற்றி எழுதுகின்றன. எஸ்எம்ஆர் என்று பெயர். அவற்றில் பழைய தடத்தை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். மணிக்கணக்கில் விடாமல் எழுதுகிற ரீபில்ட்டில் அது மூச்சு முட்டி நிற்கும், சில சமயம் பதில் வரவில்லை என்று அரே அதை வெளியே தள்ளிவிடும். நாஸுக்கென்றே விற்ற டிரைவிலும் இது இருந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. அதற்குப் பின் அந்த நிறுவனம் சிஎம்ஆர் டிரைவ்களை ரெட் ப்ளஸ் என்று தனிப் பெயரில் விற்க ஆரம்பித்தது. ஆக, கடையில் கேட்க வேண்டியது நாஸ் டிரைவா என்பதை அல்ல. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் பட்டியலில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிடுங்கள்.

கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். 4 டிபி என்றால் எந்தத் தயாரிப்பாளரும் வழக்கமாக 7,814,037,168 செக்டார் தருகிறார்கள், அதனால் வேறு பிராண்ட் போட்டால் குறையுமோ என்ற பயம் வேண்டாம். வேறு பிராண்ட் என்பதே எனக்குப் பிடிக்கும். ஒரே பெட்டியிலிருந்து வந்த நாலு டிரைவ்கள் ஒரே வயதில், ஒரே சூட்டில், ஒரே சுமையில் ஒன்றாகவே மூப்படையும். sdc போன நேரத்தில் sdb-யிலும் புள்ளி இருப்பது தற்செயல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் புது டிரைவைத் தனிக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஓடிய மணி நேரம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, `smartctl -t long` கொடுத்து ஒரு இரவு விட்டோம். 2025 தொடக்கத்தில் ஓடித் தேய்ந்த சீகேட் டிரைவ்கள் ஸ்மார்ட் கணக்கு அழிக்கப்பட்டுப் புதிது என்று பல நாடுகளில் விற்கப்பட்ட செய்தி வந்தது. அதற்குப் பிறகு சீகேட் என்றால் `smartctl -l farm` என்றும் ஒரு தடவை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த உள் கணக்கு தப்பியிருந்ததால்தான் பலர் கண்டுபிடித்தார்கள்.

இப்போது பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். sdc என்றால் மூன்றாவது ட்ரே என்று கை தானாக நீளும். அந்தக் கைதான் ஆபத்து. sda, sdb என்ற எழுத்துகள் பெட்டி எழும்போது எந்த டிரைவ் முதலில் பதில் சொல்கிறதோ அதைப் பொறுத்து மாறக்கூடியவை. ட்ரே எண் சில பெட்டிகளில் இடமிருந்து வலம், சிலதில் மேலிருந்து கீழ், சிலதில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். மாறாதது ஒன்றுதான்: டிரைவின் தலையில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்.

```
$ sudo smartctl -i /dev/sdc | grep Serial
$ ls -l /dev/disk/by-id/
```

கெட்ட டிரைவ் பதிலே சொல்லவில்லை என்றால், பதில் சொல்கிற மூன்றின் சீரியலை எழுதிக்கொண்டு, அதில் இல்லாத நாலாவதைத் தேட வேண்டும். நான் எப்போதும் நாலையும் காகிதத்தில் எழுதிவிடுவேன். சிக்கல் என்னவென்றால் சீரியல் லேபிள் ட்ரேக்குள் மறைந்திருக்கும். உருவினால்தான் தெரியும், தெரிந்தால்தான் உருவலாம். ஓடும்போதே மாற்றும் வசதி இருக்கிற பெட்டியிலும் நான் இந்தக் கட்டத்தில் முறையாக ஷட் டவுன் செய்துவிடுவேன். அணைந்த பெட்டியில் தப்பான ட்ரேயை உருவினால் லேபிளைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் சொருகலாம், ஒன்றும் ஆகாது. ஓடுகிற பெட்டியில், மூன்று காலில் நிற்கிற அரேயிலிருந்து நல்ல டிரைவை உருவினால் அந்த நொடியே சரிந்துவிடும். அணைப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு: வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்த பழைய டிரைவ் ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றாமலும் போகலாம். காப்பிக்கு முன்னால் அணைக்காதே என்று சொன்னது அதற்காகத்தான். காப்பி பீரோவில் இருக்கும்போது அந்தப் பயம் இல்லை.

அணைக்க முடியாத நிலை என்றால் விளக்கை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நல்லது என்று காட்டுகிற டிரைவைச் சில நொடி படிக்கச் சொன்னால் அதன் ட்ரே விளக்கு விடாமல் துடிக்கும். அது எந்த ட்ரே என்று குறித்துக்கொள்ளலாம். மூன்றையும் குறித்தால் மிச்சம் நாலாவது.

உருவிப் பார்த்தபோது sdc மூன்றாவது ட்ரேயில்தான் இருந்தது. தம்பி “அதான் நான் அப்பவே சொன்னேனே” என்றான். சரி, இந்தத் தடவை. உருவும்போதே நாலு ட்ரேயின் முகப்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி சீரியலின் கடைசி நாலு எழுத்தை எழுதினோம். அடுத்த முறை இந்தக் கண்ணாமூச்சி வேண்டாம்.

புது டிரைவ் உள்ளே போனதும் பெட்டியின் திரையில் ரிப்பேர் என்று ஒரு பட்டன் வரும்; பார்ட்டிஷன் போடுவது, சேர்ப்பது எல்லாம் அதுவே செய்துகொள்ளும். புது டிரைவை “இனிஷியலைஸ் செய்யவா”, “புது வால்யூம் உருவாக்கவா” என்று கேட்டால் அது வேறு வாசல், உள்ளே போகாதீர்கள். வெறும் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கையால் செய்ய வேண்டும்.

```
# sgdisk -R /dev/sdc /dev/sda
# sgdisk -G /dev/sdc
# mdadm --manage /dev/md2 --add /dev/sdc3
```

முதல் வரியில் `-R`-க்குப் பின்னால் வருவது எழுதப்படும் புது டிரைவ். கடைசியில் வருவது பார்த்து எழுத வேண்டிய நல்ல டிரைவ். காப்பி எடுக்கிற மற்ற கட்டளைகளின் பழக்கத்தில் மாற்றிப் போட்டால் நல்ல டிரைவின் பார்ட்டிஷன் பட்டியல் காலி. எழுத்தை நம்பாமல், இதற்கு முன்பும் ஒருமுறை சீரியலைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெட்டி அணைந்து எழுந்திருக்கிறது அல்லவா.

ரீபில்ட் ஆரம்பிக்கும் முன் இந்த ஊர்க்காரர்கள் செய்ய வேண்டிய இன்னொன்று, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் எந்த நாள் என்று பார்ப்பது. காலையில் போனால் மாலைதான் வரும். டிரைவ் குறைந்த நிலையில் ரெய்டு 5 எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், சில இடங்களில் தகவல் புதுசாகவும் பேரிட்டி பழசாகவும் நின்றுவிடும். அப்படி அழுக்காக அணைந்த குறை அரேயை md அடுத்த முறை தானாக எழுப்பவே மறுக்கும். வீட்டு இன்வெர்டர் இருக்கிறதே என்றான். அந்த இன்வெர்டரின் பின்னால் ஒரு ஸ்விட்ச் உண்டு. சாதாரண நிலையில் வைத்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் ஃபேன் கவலைப்படாது, பெட்டி அணைந்து எழும். யுபிஎஸ் நிலைக்கு மாற்றி, மெயினை ஒருதடவை அணைத்துப் பார்த்தோம், பெட்டி அசையவில்லை. இந்தப் பரீட்சையை ரீபில்ட்டுக்கு முன்னால், அரே சும்மா இருக்கும்போது செய்ய வேண்டும். பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. பெட்டியின் காற்றாடி முகப்பில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. அதையும் சுத்தம் செய்ததில் டிரைவ் சூடு நன்றாகவே இறங்கியது. மே மாத மாடி அறையில் அது சின்ன விஷயமில்லை. பெரும்பாலான டிரைவ்களுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் உச்சமே 60, 65 டிகிரிதான்.

```
[===>.................]  recovery = 18.4% (718004096/3902196544)
      finish=512.3min speed=103580K/sec
```

வேகம் நொடிக்கு நூறு எம்பி. உள்தடங்களுக்குப் போகப் போகக் குறையும். அதனால் திரை எட்டரை மணி என்றால் பத்து என்று வைத்துக்கொள்வது நல்லது. தம்பியைத் தூங்கப் போகச் சொன்னேன்.

விடிவதற்குள் மறுபடி கத்தியது. எழுபது சதவீதம் தாண்டிய இடத்தில் நின்றிருந்தது.

```
md2 : active raid5 sda3[0] sdd3[3] sdc3[4](S) sdb3[1](F)
      11706589632 blocks super 1.2 level 5 [4/2] [U__U]
```

அந்த நாலு கிலோபைட்தான். sdb-யைப் படிக்கச் சொன்னது, அது பலமுறை முயன்று முடியாது என்றது, md அதையும் தள்ளியது. நாலில் ரெண்டு. திரையில் Crashed. பெட்டி, md பதிப்பு இவற்றைப் பொறுத்து, படிக்க முடியாத இடத்தைக் கெட்டது என்று குறித்துக்கொண்டு மேலே போகும் அமைப்புகளும் உண்டு. இந்தப் பெட்டி அப்படி இல்லை. தம்பி முகம் வெளுத்துவிட்டது. பீரோவைக் காட்டினேன்.

காப்பி இல்லாமல் இந்த இடத்தில் நிற்பவர்களுக்கு: தகவல் இன்னும் போகவில்லை. sdb-யில் படிக்க வராதது ஒரு புள்ளி மட்டும்தான். பெட்டியை அணைத்து, sdb-யை வெளியே எடுத்து, `ddrescue` கொண்டு அதை இன்னொரு புது டிரைவுக்கு நகல் எடுத்து, நகலை அதன் இடத்தில் வைத்து `mdadm --assemble --force` கொடுத்தால் பெரும்பாலும் எழும். செய்யக் கூடாதது `mdadm --create`. இணையத்தில் எங்காவது அது தீர்வு என்று படித்தாலும், டிரைவ் வரிசையோ ஆஃப்செட்டோ ஒன்று மாறினால் நல்ல டிரைவின் மேலேயே தப்பான கணக்கை எழுத ஆரம்பித்துவிடும்.

எங்களுக்கு அந்த வித்தை தேவைப்படவில்லை. முதலிலேயே ரெண்டு டிரைவ் வாங்கலாம் என்றுதான் சொல்லியிருந்தேன், ஒன்றில் முடியுமா என்று பார்க்கலாமே என்றான். காப்பி இருக்கும்போது பார்ப்பதில் ஓர் இரவுதான் செலவு, அதனால் ஒத்துக்கொண்டேன். இன்னொன்று வாங்கி, பழைய sda, sdd ரெண்டையும் முழு நீள் சோதனையில் தேற வைத்து, பழைய அரேயை அழித்துவிட்டு நாலு டிரைவில் புதிதாகவே கட்டினோம். ரெய்டு 6 போடலாமா என்று பேச்சு வந்தது. ரெண்டு டிரைவ் போனாலும் தாங்கும், ஆனால் நாலு டிரைவில் 8 டிபிதான் கிடைக்கும், இவன் 6-ஐ ஏற்கெனவே தொட்டுவிட்டான். ரெய்டு 5-ஐயே வைத்துக்கொண்டு, அந்த வெளி டிரைவை வாரம் ஒருமுறை மாட்டிக் கழற்றும் காப்பியாக்கினோம்.

மாற்றிய அமைப்பில் எனக்கு முக்கியம் வேறொன்று. sdb-யில் அந்தப் புள்ளி sdc போன அன்றுதான் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஃபைல் இல்லாத இடமாதலால் md அதைப் படிக்கவே இல்லை, டிரைவ் தன் கணக்கில் குறித்ததை யாரும் பார்க்கவும் இல்லை. நாலு டிரைவும் நலமாக இருந்தபோது முழு அரேயையும் ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால், அந்த நாலு கிலோபைட்டை மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு md அங்கேயே மறுபடி எழுதியிருக்கும். டிரைவும் அந்த இடத்தை மாற்றிக்கொண்டிருக்கும். இதற்கு ஸ்க்ரப் என்று பெயர். டெபியனில் mdadm பொட்டலத்தோடு, மாதத்தின் முதல் ஞாயிறு பின்னிரவில் இது தானாக ஓடும்படி வருகிறது. இவன் பெட்டியில் அந்த அட்டவணை அணைந்தே கிடந்தது. பெரிய இடங்களிலும் நடக்கிறது: கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் யூட்யூப் குழு, தங்கள் காணொளிக் காப்பகத்தில் ஸ்க்ரப்பை அட்டவணையிலேயே போடாமல் விட்டதால் ஏராளமான தகவல் போனது என்று 2022-ல் தாங்களே சொன்னார்கள். அட்டவணை இல்லாத லினக்ஸ் என்றால் கையால்:

```
# echo check > /sys/block/md2/md/sync_action
```

இப்போது மாதம் ஒரு ஸ்க்ரப், அதுவும் முகூர்த்தம் இல்லாத நாளில். கூடவே, 197 பூஜ்யத்திலிருந்து அசைந்தால் தம்பிக்கும் எனக்கும் மெயில்.

பழைய ரெண்டு டிரைவ்களில் sdb-யை முழுக்கப் பூஜ்யம் எழுதி அழித்தோம். எழுதியதும் 197 பூஜ்யமாகி, 5-ல் 8 ஏறியது. டிரைவ் அந்தப் புள்ளியை ஒதுக்கிவிட்டது. இனி அதில் விலைமதிப்புள்ள எதையும் வைக்க மாட்டோம். சினிமா பார்க்கப் போதும். sdc பாதியில் எழுத மறுத்தது, அதனால் அழிக்க முடியவில்லை. வாரண்டியும் முடிந்தது. முடியாமல் இருந்தாலும் அனுப்பச் சொல்லியிருக்க மாட்டேன், யார் யார் வீட்டுக் கல்யாணமோ அதில் துண்டு துண்டாக இருக்கிறது. பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் தட்டு வரை நாலு இடத்தில் துளை போட்டான்.